ஒரே கடல்நீர், நம் லேபில் 19,790, வெளி லேபில் 19,340: 2 டன் குளோரைடு எங்கே போனது?

கடலோரக் கெமிஸ்ட்

எல்லோருக்கும் வணக்கம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரு ஆலையின் லேபில் வேலை செய்கிறேன். ஒரு கணக்கு உதைக்கிறது.

உள்ளே வரும் கடல்நீரில் குளோரைடை நாங்களே சில்வர் நைட்ரேட் டைட்ரேஷனில் பார்க்கிறோம். வந்த விடை 19,790 மி.கி./லிட்டர். அதே பாட்டிலில் பாதியை வெளி லேபுக்கு அனுப்பினோம், அவர்கள் 19,340 பிபிஎம் என்கிறார்கள். ரிஜெக்ட் தண்ணீரை நாங்கள் பார்ப்பதில்லை. அதை வெளி லேப்தான் பார்க்கும், 31,400 பிபிஎம் என்று சான்றிதழ் வந்திருக்கிறது.

கடல்நீர் மணிக்கு 100 கனமீட்டர் உள்ளே வருகிறது. 40 நல்ல தண்ணீராகவும் 60 ரிஜெக்டாகவும் வெளியே போகிறது. நல்ல தண்ணீரில் குளோரைடு 200 மி.கி./லிட்டர். பெருக்கிப் பார்த்தால் உள்ளே வருவது மணிக்கு 1,979 கிலோ. வெளியே போவது 1,884, அதோடு 8, ஆக 1,892 கிலோ. 87 கிலோ துண்டு விழுகிறது. ஒரு நாளைக்கு 2 டன்னுக்கு மேல். "அவ்வளவு உப்பு எங்கே போச்சு?" என்று மேனேஜர் கேட்கிறார். வெளி லேப் தப்பா, நாங்கள் தப்பா?

ராஜூ ஆர்ஓ

மேடம், 15 வருஷமா ஆர்ஓ சர்வீஸ் பார்க்கிறேன். பிபிஎம்மும் மி.கி./லிட்டரும் ஒன்றுதான், அதில் குழப்பிக்க ஒன்றுமில்லை. உப்பு காணாமல் போகிறது என்றால் மெம்பரேனில் படிகிறது என்று அர்த்தம். ஆன்டிஸ்கேலன்ட் டோஸைப் பாருங்கள். பிரஷர் டிராப் ஏறியிருக்கும்.

கடலோரக் கெமிஸ்ட்

பிரஷர் டிராப் அப்படியேதான் இருக்கிறது அண்ணா. அதுதான் புரியவில்லை.

பியூரெட் பாண்டியன்

ராஜூ சொன்னதில் பாதி சரி. குழாய்த் தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். கடல்நீருக்கு இல்லை, ரிஜெக்டுக்குச் சுத்தமாக இல்லை.

படிவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மெம்பரேனில் படிவது கால்சியம் கார்பனேட், கால்சியம் சல்பேட், சிலிகா மாதிரி ஆட்கள். குளோரைடு படியாது. சாப்பாட்டு உப்பு ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராமுக்கு மேல் கரையும். உங்கள் ரிஜெக்டில் அதில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். நாளைக்கு 2 டன் குளோரைடு உள்ளே தங்கினால் மறுநாள் காலையில் உங்கள் பிரஷர் வெசல் உப்பு மூட்டையாகி இருக்கும். குளோரைடை மாஸ் பேலன்ஸுக்குத் தேர்ந்தெடுப்பதே அது எங்கேயும் தங்காது என்பதால்தான்.

ஒன்று கேட்கிறேன். 19,790-ஐயும் 19,340-ஐயும் வகுத்துப் பாருங்கள். என்ன வருகிறது?

கடலோரக் கெமிஸ்ட்

1.0233.

பியூரெட் பாண்டியன்

25 டிகிரியில் சாதாரணக் கடல்நீரின் அடர்த்தி எவ்வளவு?

கடலோரக் கெமிஸ்ட்

1.023 சொச்சம். ஓ.

பியூரெட் பாண்டியன்

அதேதான். இரண்டு லேபும் ஒரே விடையைத்தான் சொல்லியிருக்கிறது. நீங்கள் ஒரு லிட்டரில் எவ்வளவு என்று சொன்னீர்கள், அவர்கள் ஒரு கிலோவில் எவ்வளவு என்று சொன்னார்கள். ஒரு லிட்டர் கடல்நீர் ஒரு கிலோ இல்லை, 1.023 கிலோ. பழைய கடலியல் ஆட்களுக்கு இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயரே உண்டு. ஒரு கிலோவுக்கு என்றால் குளோரினிட்டி, 20 டிகிரியில் ஒரு லிட்டருக்கு என்றால் குளோரோசிட்டி. நாம்தான் இரண்டையும் பிபிஎம் என்ற ஒரே பையில் போட்டுக் குலுக்குகிறோம்.

மொட்டைமாடித் தோட்டம்

எனக்கும் இதே பிரச்சினைதான்! ஹைட்ரோபோனிக்ஸ் கீரைக்கு வைத்திருக்கும் தண்ணீர் என் டிடிஎஸ் மீட்டரில் 320 பிபிஎம் காட்டுகிறது. லேபில் கொடுத்தால் 410 மி.கி./லிட்டர் என்கிறார்கள். அப்போ என் தண்ணீரின் அடர்த்தி 1.28-ஆ?

பியூரெட் பாண்டியன்

அக்கா, 1.28 அடர்த்தி என்றால் அது கீரைக்கு ஊற்றும் தண்ணீர் இல்லை, சிரப். உங்கள் விஷயம் வேறு. அந்த மீட்டர் உப்பை எடை போடுவதில்லை, மின்கடத்துதிறனைத்தான் அளக்கிறது. பிறகு உள்ளேயே ஒரு எண்ணால் பெருக்கி பிபிஎம் என்று காட்டிவிடுகிறது. சில மீட்டர்களில் அந்த எண் 0.5, சிலவற்றில் 0.7. கடத்துதிறன் 640 என்றால் 0.5-ஆல் பெருக்க 320 வரும். லேபில் 0.64-ஆல் பெருக்கியிருந்தால் 410 வந்துவிடும். லேபில் ஆவியாக்கி எடை போட்டார்களா, இல்லை அவர்களும் பெருக்கத்தான் செய்தார்களா என்று கேளுங்கள். மீட்டரில் ஈசி என்று ஒரு பட்டன் இருந்தால் அதையே பார்த்துக்கொள்வது நல்லது.

மொட்டைமாடித் தோட்டம்

ஈசி பட்டன் இருக்கிறது, 640-தான் காட்டுகிறது! நன்றி. லேபில் கேட்டுச் சொல்கிறேன்.

ராஜூ ஆர்ஓ

பாண்டியன் சார், ஒரு சந்தேகம். மேடம் டைட்ரேஷன் பண்ணியது நேரடிக் கடல்நீரில் இல்லையே, 100 மடங்கு டைல்யூட் பண்ணித்தானே பண்ணியிருப்பாங்க? டைல்யூட் பண்ணிய தண்ணீர் குழாய்த் தண்ணீர் மாதிரிதான். அதில் பிபிஎம்மும் மி.கி./லிட்டரும் ஒன்று. அதை 100-ஆல் பெருக்கினால் பிபிஎம்தானே வரணும்?

பியூரெட் பாண்டியன்

நல்ல கேள்வி. முக்கால்வாசிப் பேர் வழுக்கும் இடமும் இதுதான். மேடம், நீங்கள் செய்ததை எண்ணோடு எழுதுங்கள், அதிலேயே காட்டுகிறேன்.

கடலோரக் கெமிஸ்ட்

10 மி.லி. கடல்நீரைப் பிப்பெட்டில் எடுத்து, 1 லிட்டர் ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்கில் விட்டு, காய்ச்சி வடித்த நீரால் குறி வரை நிரப்பினேன். அதிலிருந்து 50 மி.லி. எடுத்து, பொட்டாசியம் குரோமேட் சேர்த்து, 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட்டால் டைட்ரேஷன். மஞ்சள் மாறி லேசான செங்கல் நிறம் வந்தபோது 20.0 மி.லி. பிளாங்க் 0.2. ஆக 19.8 மி.லி.

பியூரெட் பாண்டியன்

கச்சிதம். 19.8-ஐ 0.0141-ஆல் பெருக்கி, 35,450-ஆல் பெருக்கி, 50-ஆல் வகுத்தால் 197.94. அதாவது அந்த 1 லிட்டர் ஃபிளாஸ்கில் மொத்தம் 197.94 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. அதை இங்கேயே நிறுத்திவைத்துப் பாருங்கள். ஃபிளாஸ்கில் விட்ட காய்ச்சி வடித்த நீரில் குளோரைடு இல்லை. அப்படியென்றால் இந்த 197.94 மில்லிகிராமும் நீங்கள் பிப்பெட்டில் எடுத்த அந்த 10 மி.லி. கடல்நீரிலிருந்து வந்ததுதான்.

இனிக் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்த 197.94-ஐ எதனால் வகுக்கப் போகிறீர்கள்? 10 மி.லி.யால் வகுத்தால் லிட்டருக்கு 19,794 மில்லிகிராம். அந்த 10 மி.லி.யின் எடையால், அதாவது 10.23 கிராமால் வகுத்தால் கிலோவுக்கு 19,349 மில்லிகிராம். அதுதான் பிபிஎம்.

ராஜூ, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஃபிளாஸ்கில் இருப்பதை 198 பிபிஎம் என்று சொன்னால் தப்பில்லை. 100-ஆல் பெருக்கும் இடத்தில்தான் தப்பு நுழைகிறது. 100 என்பது 1000 மி.லி.யை 10 மி.லி.யால் வகுத்தது, அது கொள்ளளவுக் கணக்கு. எடைக் கணக்கில் பார்த்தால் ஃபிளாஸ்க் முழுக்க இருப்பது 997 கிராம், நீங்கள் விட்டது 10.23 கிராம், ஆக 97.5 மடங்குதான் டைல்யூட் ஆகியிருக்கிறது. பிபிஎம்மைக் கொள்ளளவு மடங்கால் பெருக்கினால் வருவது பிபிஎம் இல்லை, பிபிஎம் சட்டை போட்ட மி.கி./லிட்டர்.

ராஜூ ஆர்ஓ

சரி சார், இது புது விஷயம்தான். ஆனால் நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் தண்ணீருக்கு இந்தக் கவலையே வேண்டாம் இல்லையா?

பியூரெட் பாண்டியன்

வேண்டவே வேண்டாம். குடிநீருக்கான ஐஎஸ் 10500-இல் குளோரைடு 250 மி.கி./லிட்டர் என்று இருக்கிறது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1,000 வரை. அந்தத் தண்ணீரின் அடர்த்தி 25 டிகிரியில் 0.997 பக்கம். வித்தியாசம் 0.3 சதவீதம். பியூரெட்டில் ஒரு சொட்டு என்பது 0.05 மி.லி. 20 மி.லி. டைட்ரேஷனில் அதுவே 0.25 சதவீதம். அதாவது அடர்த்தியால் வரும் வித்தியாசமும் ஒரே ஒரு சொட்டும் கிட்டத்தட்டச் சமம். உங்களால் பார்க்கவே முடியாத வித்தியாசத்தைத் திருத்தி என்ன பயன்?

கடல்நீரில் 2.3 சதவீதம், ஒன்பது சொட்டு. ரிஜெக்டில் 4 சதவீதம், பதினாறு சொட்டு. அங்கே கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

கடலோரக் கெமிஸ்ட்

அப்போ என் மாஸ் பேலன்ஸில் கடல்நீர் லிட்டர் கணக்கு, ரிஜெக்ட் கிலோ கணக்கு. ஆனால் நான் இரண்டையும் கனமீட்டரால் பெருக்கியிருக்கிறேன்.

ஷிப்ட் இன்சார்ஜ்

நான் பிராசஸ் பக்கத்து ஆள். இதற்கு இவ்வளவு கெமிஸ்ட்ரி எதற்கு? இரண்டு சாம்பிளையும் ஒரே வெளி லேபில் கொடுத்துவிடுங்கள். இரண்டும் பிபிஎம்மில் வரும். தப்பு இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கும், கேன்சல் ஆகிவிடும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பியூரெட் பாண்டியன்

கேன்சல் ஆகாது சார், போட்டுப் பாருங்கள். இரண்டையும் பிபிஎம்மில் எடுத்துக் கனமீட்டரால் பெருக்கினால் உள்ளே 1,934 கிலோ, வெளியே 1,892. இன்னும் 42 கிலோ துண்டு விழுகிறது. காரணம், உள்ளே வருவதன் அடர்த்தியும் வெளியே போவதன் அடர்த்தியும் ஒன்றில்லை. ஒரே லேப், ஒரே முறை என்பதால் லேபின் பிழைதான் கேன்சல் ஆகும். அலகின் பிழை அப்படியே நிற்கும். பாதி குறைந்ததால் "இப்போ பரவாயில்லை" என்று தோன்றும், அதுதான் ஆபத்து.

கனமீட்டர் கையில் இருந்தால் மி.கி./லிட்டர், டன் கையில் இருந்தால் பிபிஎம். உங்கள் ஃப்ளோ மீட்டர் கனமீட்டர் காட்டுவதால் பிபிஎம்மை அடர்த்தியால் பெருக்கி லிட்டர் கணக்குக்குக் கொண்டுவந்துதான் ஆகவேண்டும்.

கடலோரக் கெமிஸ்ட்

ரிஜெக்டின் அடர்த்தி எனக்குத் தெரியாதே சார். அட்டவணையைப் பார்த்துப் போடலாமா?

பியூரெட் பாண்டியன்

அட்டவணை எதற்கு? தராசு இருக்கிறதே. அடுத்த முறை சாம்பிள் எடுக்கும்போது ஒரு சின்ன பீக்கரைத் தராசில் வைத்து ஜீரோ செய்துகொண்டு, அதே பிப்பெட்டால் 10 மி.லி. விடுங்கள். காட்டும் எடையைப் பத்தால் வகுத்தால் அடர்த்தி. இரண்டு தசமம் காட்டும் தராசே போதும். முதலில் காய்ச்சி வடித்த நீரில் செய்து பாருங்கள். 25 டிகிரியில் 9.97 வராவிட்டால் பிப்பெட் பொய் சொல்கிறது, இல்லாவிட்டால் கை பொய் சொல்கிறது. அது தெரிந்த பிறகு ரிஜெக்டுக்குப் போங்கள்.

நான் இன்னும் ஒரு படி சோம்பேறி. பீக்கரில் எடை போட்ட அதே 10 மி.லி.யையே கழுவி ஃபிளாஸ்கில் ஊற்றிவிடுவேன். எடையும் கையில், கொள்ளளவும் கையில். பிறகு அடர்த்தி என்ற பேச்சே வேண்டாம். ஷீட்டில் B எடை கிராமில், C குளோரைடு மில்லிகிராமில், D மி.லி. மேலே இருப்பது மி.கி./லிட்டர், கீழே இருப்பது பிபிஎம்:

```
=C2/D2*1000
=C2/B2*1000
```

தேன்மொழி டீச்சர்

நல்ல இழை. கல்லூரியில் வால்யூமெட்ரிக் அனாலிசிஸ் எடுப்பவள் என்பதால் ஒரு கேள்வி. மேடம் கணக்கில் மோலாரிட்டியே வரவில்லையே? டைட்ரேஷன் நேரடியாகத் தருவது மோல்தான். 19.8-ஐ 0.0141-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால் ஃபிளாஸ்கில் 0.005584 மோலார். நூறால் பெருக்கினால் கடல்நீரில் 0.558 மோலார். இதுவரை குளோரின் அணு எடையே தேவைப்படவில்லை, கவனியுங்கள். மில்லிகிராமாக மாற்றும்போதுதான் "எதன் மில்லிகிராம்" என்ற கேள்வியே வருகிறது.

35.45-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 19.79 கிராம் குளோரைடு. 58.44-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 32.63 கிராம் சோடியம் குளோரைடு. இரண்டும் ஒரே 0.558 மோல். மாணவர்களிடம் "சதவீதத்தில் எழுது" என்றால் ஒருவன் 1.98 எழுதுவான், ஒருவன் 3.26 எழுதுவான். எடைக்கு எடை என்று போட்டால் அவையே 1.93, 3.19 ஆகும். நாலு விடை, ஒரே பாட்டில். நாலுக்கும் மதிப்பெண் போடத்தான் வேண்டியிருக்கிறது.

பியூரெட் பாண்டியன்

டீச்சர் சொன்னது முக்கியம். அதனால்தான் நோட்டில் மோலை முதலில் எழுதிவைப்பது நல்லது. அங்கிருந்து எந்தக் கிளைக்கும் போகலாம், கிளையிலிருந்து கிளைக்குத் தாவினால்தான் கால் இடறும். சதவீதம் எழுதினால் பக்கத்தில் இரண்டு விஷயம் எழுதாமல் விடக்கூடாது: எதன் சதவீதம், எடைக்கா கொள்ளளவுக்கா.

ஆனால் ஒன்று. மோலாரிட்டியும் லிட்டர் கணக்குதான். 19,340 பிபிஎம்மை நேராக 35.45-ஆல் வகுத்து 0.546 மோலார் என்று எழுதினால் அது மோலார் இல்லை, ஒரு கிலோ கடல்நீரில் இருக்கும் மோல். வெளி லேப் சான்றிதழை வைத்துக்கொண்டு மோலாரிட்டி போடுகிறவர்கள் முதலில் அடர்த்தியால் பெருக்க வேண்டும்.

கிணற்றடி

வணக்கம், நான் யாழ்ப்பாணம். "எதன் மில்லிகிராம்" எண்டு டீச்சர் சொன்னதால கேக்கிறன். எங்கட கிணத்துத் தண்ணியைச் சோதிச்ச அறிக்கையில நைட்ரேட் 12 மி.கி./லீற்றர் எண்டு கிடக்கு. உலக சுகாதார நிறுவனத்தின்ர எல்லை 50 தானே, அப்ப பயமில்லை எண்டு அண்ணன் சொல்றார். சரியோ?

தேன்மொழி டீச்சர்

அறிக்கையில் 12-க்குப் பக்கத்தில் "நைட்ரஜனாக" என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். N என்ற எழுத்து மட்டும்கூட இருக்கலாம். அந்த 50 நைட்ரேட் அயனியின் எடை. நைட்ரஜனாக எழுதினால் அதே எல்லை 11 பக்கம் வரும், ஏனென்றால் 62 பங்கு நைட்ரேட்டில் 14 பங்குதான் நைட்ரஜன். உங்கள் 12 நைட்ரஜனாக இருந்தால் நைட்ரேட்டாக அது 53. எல்லையைத் தாண்டிவிடுகிறது. நைட்ரேட்டாகவே எழுதியிருந்தால் 12 தான், பிரச்சினை இல்லை.

கிணற்றடி

ஒண்டும் எழுதேல்லை. வெறுமனே நைட்ரேட் 12. பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு.

தேன்மொழி டீச்சர்

அப்படியென்றால் ஊகித்து முடிவெடுக்க வேண்டாம். சோதித்த இடத்திலேயே கேளுங்கள். என்ன கருவி, திரையில் என்ன எழுத்து வந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். பதில் வரும்வரை பிள்ளைக்குப் பால் கரைக்க வேறு தண்ணீர் எடுங்கள். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்றி இன்னும் கூடத்தான் செய்யும்.

கிணற்றடி

சரி டீச்சர், நாளைக்கே போய்க் கேக்கிறன்.

ஷிப்ட் இன்சார்ஜ்

கடல்நீருக்கே வருவோம். பாண்டியன் சார், வெளி லேப் உண்மையிலேயே எடைக் கணக்கில்தான் செய்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வகுத்தால் 1.023 வருகிறது என்பது தற்செயலாகவும் இருக்கலாமே. பாதி லேபுகள் மி.கி./லிட்டரில் பார்த்துவிட்டு பிபிஎம் என்று அச்சடிக்கும். எங்களுக்கு வருவதெல்லாம் அப்படித்தான்.

பியூரெட் பாண்டியன்

நியாயமான சந்தேகம். ஒரு சாம்பிளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. டைட்ரேஷனில் யாரோ சறுக்கினாலும் 2.3 சதவீதம் வரலாம். உறுதி செய்ய வழி, அடர்த்தி வேறு வேறாக இருக்கும் சாம்பிள்களைக் கொடுத்துப் பார்ப்பது. நல்ல தண்ணீர், கடல்நீர், ரிஜெக்ட் மூன்றையும் இரண்டு இடத்திலும் பாருங்கள். நல்ல தண்ணீரில் வித்தியாசம் இல்லாமல், கடல்நீரில் 2 சதவீதமும் ரிஜெக்டில் 4 சதவீதமும் வந்தால் அது அடர்த்தி. மூன்றிலும் ஒரே 2.3 சதவீதம் வந்தால் யாரோ ஒருவரின் சில்வர் நைட்ரேட் ஸ்ட்ரெங்த் தப்பு.

கடலோரக் கெமிஸ்ட்

இதைச் செய்துவிட்டே வந்தேன். காய்ச்சி வடித்த நீர் 9.97 கிராம், கடல்நீர் 10.23, ரிஜெக்ட் 10.40. ரிஜெக்டையும் நானே 200 மடங்கு டைல்யூட் செய்து பார்த்தேன், 32,700 மி.கி./லிட்டர் வருகிறது. வெளி லேபின் 31,400-ஐ 1.040-ஆல் பெருக்கினால் 32,656. நல்ல தண்ணீர் இரண்டு இடத்திலும் 200 பக்கம்தான்.

வெளி லேபுக்கும் போன் செய்தேன். "கடல்நீர் சாம்பிள் என்றால் எடை போட்டுத்தான் எடுப்போம், எங்கள் முறையில் அப்படித்தான்" என்றார்கள். சான்றிதழில் அது எங்கேயும் இல்லை.

பேலன்ஸை மறுபடி போட்டால் உள்ளே 1,979, வெளியே 1,967. துண்டு 12 கிலோவுக்குள் வந்துவிட்டது.

ராஜூ ஆர்ஓ

87 எங்கே, 12 எங்கே! மெம்பரேன் தப்பித்தது.

ஷிப்ட் இன்சார்ஜ்

அந்த 12?

பியூரெட் பாண்டியன்

0.6 சதவீதம். மேக்னடிக் ஃப்ளோ மீட்டர் ஒவ்வொன்றும் அரை சதவீதம் முன்னே பின்னே காட்டும், உங்களிடம் மூன்று இருக்கிறது. டைட்ரேஷனில் ஒரு சொட்டு, அதுவும் கால் சதவீதம். இதற்குமேல் தோண்டுவதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து.

தேன்மொழி டீச்சர்

ஒரு சின்ன விஷயம் மட்டும். சில்வர் நைட்ரேட் புரோமைடையும் குளோரைடு என்றே எண்ணிவிடும். சாதாரணக் கடல்நீரில் ஒரு கிலோவுக்கு 67 மில்லிகிராம் புரோமைடு உண்டு, குளோரைடாகக் கணக்கிட்டால் 30. வெளி லேப் அயான் குரோமடோகிராஃபியில் பார்த்திருந்தால் புரோமைடு தனியாகப் போய்விடும், அவர்கள் விடை அந்த அளவு குறையும். என்ன கருவி என்று கேட்டீர்களா?

கடலோரக் கெமிஸ்ட்

கேட்கவில்லை டீச்சர். அடுத்த போனில் கேட்கிறேன். வெப்பநிலையையும் சேர்க்க வேண்டுமா? எங்கள் பிப்பெட்டில் 27 டிகிரி என்று அச்சிட்டிருக்கிறது, லேப் ஏசியில் 25.

பியூரெட் பாண்டியன்

25-க்கும் 27-க்கும் கடல்நீர் அடர்த்தி 1.0233-இலிருந்து 1.0227-க்கு இறங்கும். ஒரு சொட்டில் கால்வாசி. விட்டுவிடுங்கள். வெளியே வெயிலில் நின்ற 35 டிகிரி சாம்பிளை அப்படியே பிப்பெட்டில் எடுக்காமல் இருந்தால் போதும்.

ஷிப்ட் இன்சார்ஜ்

எனக்கு ஒரு விஷயத்தில் இன்னும் ஒப்புதல் இல்லை. எங்கள் ஒப்பந்தத்தில் ரிஜெக்ட் டிடிஎஸ் எல்லை "இத்தனை பிபிஎம்" என்று மட்டும் இருக்கிறது. பாண்டியன் சார் சொல்வதுபோல் எடைக்கு எடை என்று எடுத்தால் எங்களுக்கு 4 சதவீதம் சலுகை. எழுதியவர் மி.கி./லிட்டரை நினைத்து எழுதியிருந்தால் சலுகை இல்லை. கையெழுத்துப் போட்டவர்களிடம் கேட்டால் "பிபிஎம் என்றால் பிபிஎம்தான்" என்கிறார்கள்.

பியூரெட் பாண்டியன்

அதற்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. கெமிஸ்ட் என்ற முறையில் பிபிஎம் என்றால் எடைக்கு எடை என்பேன். ஆனால் தண்ணீர்த் துறையில் பலர் மி.கி./லிட்டரை நினைத்தே அந்த வார்த்தையை எழுதுகிறார்கள் என்பதும் உண்மை. எல்லைக்குக் கீழே அந்த 4 சதவீதத்தை விட்டு ஓட்டுங்கள், அதோடு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மி.கி./லிட்டர் என்று மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

ஷிப்ட் இன்சார்ஜ்

4 சதவீதம் விட்டு ஓட்டினால் ரெகவரி குறையும், கரண்ட் பில் ஏறும். சொல்வது சுலபம் சார்.

தேன்மொழி டீச்சர்

சான்றிதழில் அடர்த்தியையும் ஒரு வரி சேர்த்து அச்சிடச் சொல்லுங்களேன். "ரிஜெக்ட், அடர்த்தி 1.040, 25 டிகிரி" என்று இருந்தால் யார் எந்தப் பக்கம் வாதாடினாலும் எண்ணை மாற்றிக்கொள்ள முடியும்.

கடலோரக் கெமிஸ்ட்

எங்கள் ரிப்போர்ட்டில் இன்றிலிருந்து அந்த வரி இருக்கும் டீச்சர். மேனேஜர் மாஸ் பேலன்ஸைப் பார்த்துவிட்டார். "அப்போ போன வருஷ ரிப்போர்ட்டெல்லாம்?" என்று கேட்கிறார். அதில் பாதி சான்றிதழ் வேறு ஒரு லேபிலிருந்து வந்தது, அவர்கள் எடை போட்டார்களா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. சாம்பிளும் இல்லை. என்ன செய்யலாம்?

பியூரெட் பாண்டியன்

அந்தச் சான்றிதழ்களில் குளோரைடோடு கடத்துதிறனும் இருக்கிறதா பாருங்கள். உங்கள் கடல்நீருக்கும் ரிஜெக்டுக்கும் இப்போது இரண்டையும் சேர்த்துச் சில தடவை அளந்து, கடத்துதிறனுக்கு எவ்வளவு மி.கி./லிட்டர் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பழைய எண்கள் கடல்நீரில் 2 சதவீதமும் ரிஜெக்டில் 4 சதவீதமும் கோட்டுக்குக் கீழே இருந்தால் அந்த லேபும் எடைக் கணக்குதான். கோட்டின் மேலேயே விழுந்தால் லிட்டர் கணக்கு. அங்கும் இங்குமாகச் சிதறியிருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, விட்டுவிட வேண்டியதுதான்.

கடலோரக் கெமிஸ்ட்

கடத்துதிறன் இருக்கிறது, ஆனால் ரிஜெக்டுக்கு மட்டும். போட்டுப் பார்த்துவிட்டு எண்களை இங்கேயே ஏற்றுகிறேன்.